c-யைக் களையாமல் போட்ட செங்கோணம்

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது, நாலு கிராஃப் தாள் வீணானது. நேற்று ராத்திரிதான் (2, 1) என்ற புள்ளியில் மூலைமட்டத்தின் செங்கோண முனையை வைத்தேன். ஒரு கை ஒரு வட்டத்தின் மையத்தையும் மறு கை இன்னொரு வட்டத்தின் மையத்தையும் தொட்டது. அப்பாடா.

எடுத்துக்கொண்ட குடும்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆதிப்புள்ளியில் y அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வட்டங்கள், x² + y² = 2cx. c கூடக் கூட வட்டம் பெரிதாகும், மையம் x அச்சிலேயே நகரும். இவை எல்லாவற்றையும் செங்குத்தாக வெட்டும் வளைவரைகள் எவை என்பதுதான் கேள்வி. காம்பஸால் வரையலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். என் கைக்கு நீள்வட்டம் வராது.

முதல் தடவை எங்கே சறுக்கினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வகைக்கெழு எடுத்தால் 2x + 2yy′ = 2c. ஆகவே சாய்வு (c − x)/y. செங்குத்துக்கு அதைத் தலைகீழாக்கிக் குறி மாற்றினேன்: y′ = y/(x − c). மாறிகள் தாமாகவே பிரிந்தன, தொகையிட்டதும் y = k(x − c) என்று வந்தது. இவ்வளவு சுலபமா என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விறுவிறுவென்று வரைந்தேன்.

வந்தவை நேர்கோடுகள், அதுவும் (c, 0) வழியாகப் போகிறவை. அதாவது அந்த ஒரு வட்டத்தின் ஆரங்கள்! ஆரம் தன் வட்டத்தைச் செங்குத்தாக வெட்டும் என்பது பள்ளிக்கூடச் சமாசாரம். பக்கத்து வட்டத்தை அது அப்படி வெட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. c = 1 வட்டத்துக்குப் போட்ட x = 1 என்ற நிமிர்ந்த கோடு, c = 2 வட்டத்தை (1, √3) புள்ளியில் வெட்டுகிறது. அங்கே வட்டத்தின் சாய்வு 1/√3. பாகைமானியை வைத்தால் 90-க்குப் பதில் 60 பாகை. பென்சில் தடிமன், காம்பஸ் ஆட்டம் என்று ஏதேதோ காரணம் தேடிக்கொண்டிருந்தேன். முப்பது பாகை பிசகுக்குப் பென்சிலைக் குறை சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

விடையைப் பார்த்தே பிழையைப் பிடித்திருக்கலாம். y = k(x − c)-இல் k, c என்று இரண்டு மாறிலிகள் கிடக்கின்றன. முதல் வரிசைச் சமன்பாட்டின் விடையில் ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய c இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றால், ஒரே ஒரு வட்டத்துக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

சரி, ஒழுங்காகச் செய்தால் இப்படி. சாய்வைத் தலைகீழாக்கும் முன்பே c-யை வெளியேற்ற வேண்டும். மூலச் சமன்பாட்டிலிருந்து c = (x² + y²)/2x. அதைப் போட்டால் வட்டங்களின் சாய்வு (y² − x²)/2xy. இப்போது இதில் எந்த வட்டத்தின் பெயரும் இல்லை, தளத்தின் எந்தப் புள்ளிக்கும் பொருந்தும். இனி தலைகீழாக்கலாம்:

```
dy/dx = 2xy / (x² − y²)
```

மேலும் கீழும் எல்லா உறுப்பும் இரண்டாம் படி. சமப்படித்தான சமன்பாடு, ஆகவே y = vx. இந்தப் பிரதியிடல் ஏன் வேலை செய்கிறது என்பது எனக்குத் தாளில்தான் புரிந்தது. சாய்வு y/x என்ற விகிதத்தை மட்டும் நம்பியிருக்கிறது. ஆதிப்புள்ளி வழியாக y = x/2 என்ற கோட்டைப் போட்டு, அதில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை வளைவரையின் சாய்வு 4/3-தான். பெரிய வட்டம், சிறிய வட்டம் எல்லாம் அந்தக் கோட்டை ஒரே கோணத்தில்தான் கடக்கின்றன. இரண்டு மூலைமட்டங்களை ஒன்றோடொன்று நகர்த்தி இணைகோடு போடுவோமே, அப்படியே பார்த்துவிடலாம்.

பிறகு dy/dx-க்கு v + x(dv/dx). இடப்பக்கத்து v-யை வலப்பக்கம் கொண்டுபோய்க் கழிக்க மறந்தே ஒரு தாள் போனது. கழித்தால் x(dv/dx) = v(1 + v²)/(1 − v²). பிரித்து எழுதினால்:

```
dx/x = (1/v − 2v/(1 + v²)) dv
```

பகுதிப் பின்னம் இவ்வளவு சாதுவாக வந்தது அதிர்ஷ்டம். தொகையிட்டு மடக்கையை நீக்கினால் x = Kv/(1 + v²). v இருக்கும் இடத்தில் y/x-ஐத் திரும்பப் போட்டால் x² + y² = Ky. மறுபடியும் வட்டங்கள், இந்த முறை x அச்சைத் தொட்டுக்கொண்டு, மையம் y அச்சில்.

ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. v-யால் வகுத்தபோது v = 0 காணாமல் போனது. அது y = 0, அதாவது x அச்சு. முதல் குடும்பத்து வட்டங்கள் எல்லாவற்றின் விட்டமும் அதில்தான் கிடக்கிறது, ஆகவே அது ஒவ்வொன்றையும் செங்குத்தாகவே வெட்டுகிறது. K எந்த மதிப்பு எடுத்தாலும் அது வராது, தனியாகத்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். படம் வரைந்தால் அந்தக் கோடு கண்ணில் பட்டுவிடும், வெறும் கணக்காகப் போட்டால் படாது.

அலகுக்கு 2 செ.மீ. வைத்தேன். (2, 1) வழியாகப் போகும் முதல் வட்டத்தின் மையம் (1.25, 0), இரண்டாவதின் மையம் (0, 2.5). தாளில் ஆரங்கள் 2.5 செ.மீ., 5 செ.மீ. வட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் அந்தப் புள்ளிக்கு வரும் ஆரங்களும் செங்குத்தாக இருக்க வேண்டும். தொடுகோடு வரைந்து தடுமாறாமல் மூலைமட்டத்தை மையங்களுக்கு நீட்டிச் சோதித்தது அதனால்தான்.

கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். வட்டமெல்லாம் முட்டை, செங்கோணமெல்லாம் சாய்ந்த கோணம்! மறுபடியும் கணக்கில் தப்போ என்று ஒரு நிமிஷம் திக்கென்றது. இரண்டு அச்சுக்கும் அளவு வேறு வேறு, அவ்வளவுதான். மேட்பிளாட்லிப்பில் இந்த வரி இல்லாமல் செங்கோணத்தைப் பற்றிப் பேசவே கூடாது:

```python
ax.set_aspect('equal')
```

கிராஃப் தாள் விஷயத்திலும் ஒரு புலம்பல். பக்கத்துத் தெரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய கட்டில் பச்சைக் கோடுகள் குறுக்கே 18 செ.மீ.க்கு 2 மி.மீ. குறைவு. நெடுக்கே சரியாக இருக்கிறது. அதுவும் நம் 'equal' பிரச்சினைதான், பணம் கொடுத்து வாங்கியது. பழைய லேப் நோட்டின் மிச்சத் தாள்களில்தான் நல்ல படம் வந்தது.

அடுத்து y² = 4c(x + c) பரவளையங்கள். இன்னும் மை கூடப் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் தொடங்கிவிட்டேன். c-யைக் களைந்தால் y = 2xy′ + y(y′)². இதில் y′-க்குப் பதில் −1/y′ போட்டு ஒழுங்குபடுத்தினால் அதே சமன்பாடு திரும்பி வருகிறது. குடும்பம் தன்னைத்தானே செங்குத்தாக வெட்டிக்கொள்கிறது: c நேர்க்குறி உள்ளவை ஒரு பக்கம் திறந்து, எதிர்க்குறி உள்ளவை மறுபக்கம் திறந்து. y′-க்கான இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களைப் பெருக்கினால் −1. இதுவும் சமப்படித்தானதே, y = vx ஒத்துவரும், ஆனால் வர்க்கமூலம் ஒன்று கூடவே வருகிறது. காம்பஸ் இதற்கு உதவாது. வளைத்து வைத்துக் கோடு போடும் ரப்பர் அளவுகோல் வேண்டும். கடைக்காரர் வியாழக்கிழமை வரும் என்கிறார். போன வியாழனும் அதையேதான் சொன்னார்.