302-ல் தொடங்கி 304-ல் முடிந்த என் அண்ணன் வழக்கு

2019 அக்டோபரில் என் அண்ணனை மண்வெட்டியால் அடித்தார்கள். நான்காம் நாள் மருத்துவமனையில் உயிர் போனது. அடித்தவர் பக்கத்து வயல்காரர், எங்களுக்குப் பங்காளி முறை. வழக்கு முடிய ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. கொலை வழக்காக நடந்த அது, தீர்ப்பில் 'கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்' என்று முடிந்தது. அன்று நீதிமன்ற வாசலில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆள் செத்திருக்கார், அடிச்சவர் யாருன்னு தெரியுது, அப்புறம் எப்படி சார் இது கொலை இல்லாம போகும்?" அதற்குப் பதில் புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. இதே கேள்வியோடு நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். முறைத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரவேண்டிய காலை. அவர் தன் மடையைத் திறந்து வைத்திருந்தார். அண்ணன் போய் அடைக்கப் பார்த்தார். வாய்ச்சண்டை வந்தது. தண்ணீர் கட்ட வந்ததால் இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி. அண்ணன் மண் வாரிப் போடக் குனிந்தபோது அவர் வீசினார். இலையின் கூரான வாய்ப் பக்கம் படவில்லை, பின்பக்கம்தான் பட்டது. இடது காதுக்கு மேலே ஒரே அடி. அண்ணன் வரப்பில் சாய்ந்ததும் அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அடுத்த வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா முழுவதையும் பார்த்தார். சத்தம் கேட்டு நான் போனபோது அண்ணனுக்கு நினைவில்லை.

அன்று மாலை மருத்துவமனையில் வைத்து நான் புகார் எழுதிக் கொடுத்தேன். முதல் தகவல் அறிக்கையில், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 324-ஆம் பிரிவைப் போட்டார்கள். அண்ணன் இறந்ததும் ஆய்வாளர் நீதிமன்றத்துக்குப் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்பி, வழக்கைக் கொலைக்கான 302-க்கு மாற்றினார். இந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் ஏமாந்துபோகிறோம். காவல்துறை 302 போட்டுவிட்டது, ஆகவே இது கொலை என்று முடிவாகிவிட்டது என நினைத்தோம். இறப்பு நேர்ந்துவிட்டது, அதனால் பெரிய பிரிவில் விசாரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். குற்றப்பத்திரிகை குற்றவியல் நடுவரிடம் போய், அங்கிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டு, நீதிபதி 302-ல் குற்றச்சாட்டு வனைந்தார். அப்படி வனைந்த பிறகும், சாட்சியம் அந்த அளவுக்கு எட்டவில்லை என்றால், கொலையாகாத மரணத்துக்கான 304-ல் தண்டிக்கலாம். அதற்குத் தனியாக ஒரு குற்றச்சாட்டு தேவையில்லை.

விசாரணையில் நான் அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அதாவது அ.சா.1, களை எடுத்த அக்கா அ.சா.2, என் சித்தப்பா அ.சா.3. சித்தப்பா கூண்டில் ஏறி, அடிப்பதற்கு முன் அவர் "இன்னைக்கு உன்னைக் கொல்லாம விடமாட்டேன்" என்று கத்தியதாகச் சொன்னார். என் புகாரில் அந்த வாக்கியம் இல்லை. காவல்துறை பதிவு செய்த சித்தப்பாவின் வாக்குமூலத்திலும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் சித்தப்பாவிடம் கேட்டார், பிறகு விசாரணை அதிகாரியிடமும் கேட்டு, அப்படி ஒன்றைச் சாட்சி முன்பு சொல்லவில்லை என்று பதிவு செய்ய வைத்தார். தீர்ப்பில் அந்தச் சொல்லை நீதிபதி முழுக்க ஒதுக்கிவிட்டார். சித்தப்பா அண்ணன் மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார், எனக்கு அது தெரியும். ஆனால் உள்நோக்கத்தை நிரூபிக்கப் பின்னால் சேர்த்த அந்த ஒரு வரி, அவருடைய மற்ற சாட்சியத்தின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்தது. யாராவது உங்களிடம் "இப்படிச் சொன்னால்தான் கேஸ் நிற்கும்" என்றால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சாட்சி சொன்ன நாள் எங்களுக்கு நம்பிக்கையான நாள். மண்டையோட்டில் முறிவு, உள்ளே ரத்தக் கட்டு. "இந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதா?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். "போதுமானது" என்றார் மருத்துவர். அவ்வளவுதான், 302 உறுதி என்று அன்று இரவு வீட்டில் பேசிக்கொண்டோம்.

தீர்ப்பு 304-ன் இரண்டாம் பகுதியில் வந்தது. ஏழு வருடச் சிறை, அபராதம். அபராதத்தில் பெரும்பகுதியை அண்ணிக்கு இழப்பீடாகத் தரச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, தீர்ப்பு நகலோடு அரசு வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். அவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்.

"தம்பி, மருத்துவர் சொன்னது காயத்தைப் பத்தி. சட்டம் அதோட நிக்கறதில்லை. அந்தக் காயத்தைத்தான் அவர் செய்ய நினைச்சாரான்னு அடுத்து கேக்குது."

அவர் எடுத்துக் காட்டியது விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-ல் தந்த தீர்ப்பு. பஞ்சாபில் ஒருவரை ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து. குடல் வெளியே வந்துவிட்டது, மறுநாள் இறந்துபோனார். கொல்லும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்பது அங்கே வாதம். நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. கொல்ல நினைத்தாரா என்று கேட்க வேண்டியதில்லை, அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தாரா என்று கேட்டால் போதும் என்றார். அவர் வரிசையாகக் கேட்கச் சொன்னவை நான்கு: உடலில் காயம் இருக்கிறதா, அது எப்படிப்பட்டது, அதே காயத்தை ஏற்படுத்தத்தான் அவர் எண்ணினாரா அல்லது தற்செயலாகவோ வேறு காயத்தை எண்ணியோ அது நேர்ந்ததா, கடைசியாக, அந்தக் காயம் இயற்கையான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதா. இதில் கடைசிக் கேள்வி மருத்துவம் சார்ந்தது, அடித்தவரின் மனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றாவதுதான் மனத்தைப் பற்றியது. ஈட்டியை நேராக வயிற்றில் பாய்ச்சியவர், வயிற்றில் பாய்ச்ச நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே குத்தாக இருந்தும் அது கொலை. 'ஒரே அடி என்றால் 304' என்று ஊரில் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அது தவறு.

எங்கள் வழக்கு அந்த மூன்றாவது கேள்வியில்தான் விழுந்தது. விழவைத்தது எங்கள் தரப்பின் நல்ல சாட்சியான களை எடுத்த அக்காவின் வார்த்தைகளே. குறுக்கு விசாரணையில் அவர், "தோள்பட்டைக்கு வீசினாப்பல இருந்துச்சு, அவுக குனிஞ்சாக, தலையில பட்டுருச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். தோளில் அந்தப் பின்பக்க அடி பட்டிருந்தால் எலும்பு முறிந்திருக்கும், உயிர் போகப் போதுமான காயமாக இருந்திருக்காது. ஆக, அடித்தவர் செய்ய நினைத்த காயம் ஒன்று, நடந்த காயம் இன்னொன்று என்ற சந்தேகம் நியாயமாக எழுகிறது. அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்குப் போனது. மண்வெட்டியை வீட்டிலிருந்து தேடி எடுத்து வரவில்லை, தண்ணீர் கட்டக் கையில் வைத்திருந்தார் என்பதையும், அண்ணன் விழுந்த பிறகு இரண்டாவது அடி இல்லை என்பதையும் நீதிபதி சேர்த்துக்கொண்டார்.

சரி, காயத்தை நினைக்கவில்லை என்றால் அவர் ஏன் விடுதலை ஆகவில்லை? இங்கேதான் 'அறிவு' வருகிறது. சட்டத்தில் அறிவு என்றால், இப்படிச் செய்தால் என்ன ஆகக்கூடும் என்று தெரிந்திருப்பது. அந்த விளைவை விரும்பியிருக்க வேண்டியதில்லை. தினமும் மண்வெட்டி பிடிக்கும் ஒரு விவசாயி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற ஆளின் கழுத்து, தோள் பக்கம் அதை முழு வேகத்தில் வீசினால் தலையில் படலாம், உயிர் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வீசினார். இது 304-ன் இரண்டாம் பகுதி: பத்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் பகுதி உள்நோக்கம் இருந்தும் கொலை அளவுக்கு எட்டாதவற்றுக்கு. உதாரணமாக, முன்திட்டமில்லாத திடீர் சண்டையில், ஆத்திரத்தில், கொடூரமில்லாமல் செய்தது. அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

அறிவு மட்டும் இருந்தாலும் சில நேரம் அது கொலை ஆகிவிடும் என்பதையும் அரசு வழக்கறிஞர் சொன்னார். எந்தக் காரணமும் இல்லாமல் கூட்டத்துக்குள் சுடுகிறவர் யாரையும் குறிவைக்கவில்லை. ஆனாலும் அது உடனடியான பேராபத்து, யாராவது சாவது ஏறக்குறைய நிச்சயம். 'சாவு நேரலாம்' என்று தெரிவதற்கும் 'சாவு ஏறக்குறைய நிச்சயம்' என்று தெரிவதற்கும் இடையே சட்டம் கோடு போடுகிறது. 1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவு செய்த கோவிந்தா வழக்கும் இந்த அளவீட்டைப் பற்றியதே. மனைவியைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை வைத்து, முகத்தில் கையால் குத்தினான் ஒருவன். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். வெறுங்கைக் குத்து அவ்வளவு நிச்சயமாகக் கொல்லக்கூடியது அல்ல என்று கண்டு, அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை. ஆனால் எதை எடைபோடுகிறார்கள் என்பது அதைப் படித்தபோதுதான் தெளிவானது.

இப்போது எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கான தண்டனை 103-ஆம் பிரிவில், கொலையாகாத மரணத்துக்கு 105-ஆம் பிரிவில் இருக்கிறது. கோடு போடும் இடம் மாறவில்லை. உள்நோக்கம் இருந்த வகைக்கு, ஆயுள் தராவிட்டால் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது புதிது.

மேல்முறையீடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2009-க்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம்: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, சிறிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ. தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் முடியாது. எங்களுடையது இரண்டாவது வகை என்பதால் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அண்ணியும் வந்திருந்தார். சாட்சியத் தொகுப்பு முழுவதையும் படித்துவிட்டு அந்த வழக்கறிஞர் அதை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தலையைக் குறிவெச்சு அடிச்சார்னு எந்தப் பக்கத்துல இருக்கு, எனக்கு அதை மட்டும் காட்டுங்க."

நான் புரட்டினேன். என் சாட்சியம், மருத்துவர், விசாரணை அதிகாரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் இல்லை. களை எடுத்த அக்கா சொன்ன பக்கத்துக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தி, "போதும் தம்பி, அது உண்மையைத்தான் சொல்லியிருக்கு" என்றார். அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறினோம்.