காருக்கு ஹெல்மெட் அபராதம்: ஒரு நோட்டீஸைப் படித்துப் பார்த்தது

கிருஷ்ணகிரியில் டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அபராத நோட்டீஸின் போட்டோ அனுப்பினார். கீழே ஒரே சொல்: "ஏன்".

தாள் நாலாக மடித்திருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் சட்டப் பிரிவு இருந்தது. தொகை 1,000 ரூபாய் என்பது மட்டும் தெளிவு. தொகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சீட் பெல்ட் போடாவிட்டாலும் 1,000, ஹெல்மெட் போடாவிட்டாலும் 1,000. "வெளிச்சத்தில் தாளை நீட்டி வைத்து இன்னொன்று எடுப்பா" என்றதும் வந்தது: பிரிவு 194D. அது ஹெல்மெட் பிரிவு. சீட் பெல்ட்டாக இருந்தால் 194B என்று இருந்திருக்கும். காரில் போனவருக்கு ஹெல்மெட் அபராதமா?

"கட்டித் தொலைச்சிடலாமாண்ணா, சவாரி கெடுது" என்றார். கட்டக் கூடாது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பதிவும் அவர் வண்டியின் பேரிலேயே நிற்கும்.

echallan.parivahan.gov.in தளத்தில் நோட்டீஸில் உள்ள சலான் எண்ணைப் போட்டுத் தேடினோம். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கேட்கும், அது ஆர்.சி.யில் இருக்கிறது. சலானோடு இருந்த படத்தைத் திறந்தால் பைக்கில் இரண்டு பேர், பின்னால் இரண்டு வரி நம்பர் பிளேட். பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கடைசி நாலு இலக்கத்தில் ஒரு 3. அதன் இடப்பக்க வாயருகே பிளேட்டை முடுக்கிய போல்ட்டின் தலை கறுப்பாக ஒட்டி நிற்க, 3 பார்வைக்கு 8 ஆகிவிட்டது. அந்த 8 உள்ள எண்தான் தம்பியின் கார் எண்.

சலானில் உள்ள தேதி, நேரம், இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் புகார் போட்டோம். சலான் படம், ஆர்.சி. நகல், காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நம்பர் தெரிய எடுத்த போட்டோ ஆகியவற்றை இணைத்தோம். புகாரில், "என் வண்டி கார். படத்தில் இருப்பது இரு சக்கர வாகனம். ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டுள்ளது" என்று மூன்றே வரி. ஊர் நியாயமெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு முக்கியமானது தவறிப்போகும். புகார் எண்ணைத் தனியாக எழுதி வைக்கச் சொன்னேன். சலான் போட்ட காவல் பிரிவிலும் இதே தாள்களை நேரில் கொடுத்து, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கச் சொன்னேன்.

இதில் தாமதம் ஆபத்து. கட்டாமலும் எதிர்க்காமலும் விட்டால் சலான் ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடக்கூடும். அங்கே அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வழிதான். எதிர்த்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். டாக்சிக்காரருக்கு அந்த ஒருநாள் அலைச்சலே 1,000 ரூபாய்க்கு மேல்.

சில நாள் கழித்துத் தேடியபோது அந்த எண்ணில் நிலுவை எதுவும் இல்லை. அடுத்த மாதம் வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனை இருப்பதால் அந்தத் திரையைப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்திருக்கிறார்.