ஃபிட்ஸ் 5 நிமிஷம் தாண்டி கன்னத்துல மிடாசோலம் விட்டோம், அதுக்கப்புறம் நடந்தது

பொண்ணுக்கு நாலு வயசு, வலிப்புக்கு தினமும் மருந்து போய்ட்டிருக்கு. வழக்கமா ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடும், இந்த தடவை நிக்கல. கை கால் வெட்ட ஆரம்பிச்சதுமே வீட்டுக்காரர் ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுட்டார், அது ரொம்ப உதவியா இருந்துச்சு, ஏன்னா அந்த நேரத்துல ஒரு நிமிஷமே அரை மணி மாதிரி தெரியும், மனசுல எண்ணுனா தப்பாத்தான் வரும். 5 நிமிஷம் ஆனா ஃபிட்ஸை நிறுத்துற மிடாசோலம் மருந்தை குடுங்கன்னு டாக்டர் எழுதி குடுத்த தாள்லயே இருந்துச்சு, அதுக்கு மேல போனா தானா நிக்கிற வாய்ப்பு குறையுமாம், மருந்து கேக்கறதும் கஷ்டமாகுமாம்.

எங்களுக்கு எழுதுனது 5 மில்லிகிராம், ஊசி இல்லாத சிரிஞ்ச்ல ரெடியா 1 மில்லி. இந்த மருந்து வேற வேற ஸ்ட்ராங்ல வருது, இன்னொரு வகைல அதே 5 மில்லிகிராம் அரை மில்லிலயே இருக்கும், அதனால தாள்ல மில்லிகிராம், மில்லி ரெண்டையும் எழுதி வாங்கிக்கங்க.

அவளை ஒருக்களிச்சு படுக்க வச்சிருந்தோம், பல்லு கிட்டிச்சிருந்துச்சு. வாயை திறக்கவே தேவையில்லைங்க, அதுதான் இதுல நல்ல விஷயம். எச்சியை துணியால துடைச்சிட்டு, உதட்டோரத்தை லேசா இழுத்து, கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல சிரிஞ்ச் நுனியை வச்சு மெதுவா விட்டேன். பாதி ஒரு பக்கம், பாதி அந்த பக்கம். வேகமா அழுத்துனா தொண்டைக்கு போய் புரையேறும், இல்லன்னா எச்சியோட வழிஞ்சிடும். கொஞ்சம் வழியத்தான் செஞ்சுச்சு. "இன்னொன்னு குடுக்கலாமா?"ன்னு அவர் கேட்டார், வேணாங்கன்னு சொல்லிட்டேன், எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாம ரெண்டாவது விட்டா மூச்சு மந்தமாகிடும். முதல் தடவை இந்த மருந்தை குடுக்கறப்ப ஆம்புலன்ஸும் கூப்பிடணும்னு தாள்ல இருந்துச்சு, அவர் கையோட கூப்பிட்டுட்டார்.

முன்னாடி எங்ககிட்ட இருந்தது ஆசனவாய்ல விடுற டயசிபாம் ட்யூப். அதுவும் நல்லாத்தான் வேலை செய்யும். ஒருக்களிச்சு படுக்க வச்சு நுனியை உள்ள விட்டு அழுத்தி, பிடியை விடாம அப்படியே வெளிய எடுக்கணும், பிடியை தளர்த்துனா மருந்து ட்யூப்புக்குள்ளயே திரும்பி வந்துடும். அப்புறம் கொஞ்ச நேரம் பிட்டத்தை சேர்த்து பிடிச்சுக்கணும். வெளிய நாலு பேர் முன்னாடி இதை செய்யறது சங்கடம், அதனாலதான் கன்னத்துக்கு மாத்துனாங்க.

மருந்து விட்டு மூணு நாலு நிமிஷத்துல கை கால் வெட்டறது நின்னுச்சு. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன், ஆனா ஃபோன்ல இருந்த ஆம்புலன்ஸ் அம்மா "கண்ணை பாருங்க"ன்னாங்க. பார்த்தா கண்ணு திறந்தே ஒரு பக்கமா இழுத்துட்டு நிக்குது, அதே பக்கத்து உதட்டோரம் லேசா துடிச்சுட்டிருக்கு. அப்ப ஃபிட்ஸ் இன்னும் முடியல, வெளிய தெரியறது மட்டும் அடங்கியிருக்கு. இதை யாரும் எங்களுக்கு முன்னாடி சொல்லி குடுக்கல, அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல துடிப்பு நின்னு, கண்ணு தானா மூடி, உடம்பு தளர்ந்து, குறட்டை விட்டு தூங்குற மாதிரி ஆச்சு. தோளை தட்டி பேரை சொல்லி கூப்பிட்டா முகம் சுளிச்சா. மருந்து தூக்கம்னா இப்படி ஏதாவது அசைவு இருக்கணும்னு அவங்க சொன்னாங்க.

அதுக்கப்புறம் முழு கவனமும் மூச்சு மேலதான். சட்டையை தூக்கி நெஞ்சு ஏறி இறங்குறதை பார்த்தோம், உதடு நீலமாகுதான்னு லைட் போட்டு பார்த்தோம். மூச்சு ரொம்ப மெதுவானாலோ விட்டு விட்டு வந்தாலோ உடனே சொல்லணும், மருந்து குடுத்து 5 நிமிஷம் ஆகியும் நிக்கலன்னாலும் அப்படித்தான். தண்ணி, மாத்திரைன்னு வாயில எதுவும் குடுக்கல, முழுசா முழிக்கிற வரைக்கும் கூடாது.

ஆம்புலன்ஸ்ல வந்தவங்க முதல்ல கேட்டது காலி சிரிஞ்ச்சையும் குடுத்த நேரத்தையும்தான். இந்த வகை மருந்துல வீட்டுல குடுத்ததையும் கணக்குல சேர்ப்பாங்களாம், மொத்தம் ரெண்டு டோஸ்க்கு மேல போகாம வேற மருந்துக்கு மாறிடுவாங்களாம். அதனால காலி சிரிஞ்ச்சை குப்பையில போட்டுடாதீங்க. ஆக்சிஜன் வச்சாங்க, விரல்ல குத்தி சுகர் பார்த்தாங்க, ஜுரம் இருக்கான்னு பார்த்தாங்க. ஆஸ்பத்திரில சில மணி நேரம் வச்சு பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு பூரா தள்ளாடிக்கிட்டு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்துட்டு இருந்தா, அது மருந்தோட வேலை.

திரும்ப டாக்டரை பார்த்தப்ப தாளை புதுசா எழுதி வாங்கிட்டோம். கண்ணை பாக்கணும்ங்கறது இப்ப அதுல இருக்கு, ரெண்டாவது டோஸ் நாங்களா குடுக்கக்கூடாதுன்னும் இருக்கு. 5 வயசு ஆனதும் டோஸ் 7.5 மில்லிகிராம் ஆகும், அப்ப பழைய சிரிஞ்ச்சை மாத்தணும்னு சொல்லியிருக்கார்.