டூ சொல்ல வராத வாய்

"நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார் பக்கத்து வீட்டு அம்மா. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முகம் வாடியிருந்தது. நான் செய்ததெல்லாம், "ஸீ" போட்டு நலம் விசாரித்ததுதான்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் ஜெர்மன் வகுப்பில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரி, நம்மூர் வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். முந்தின வாரம் காபிக்குக் கூப்பிட்ட அந்த அம்மா, "இனி நாம் டூ சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டுத் தன் பெயரையும் சொன்னார். இங்கே அதை மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும். ஒருமுறை சம்மதித்துவிட்டால் இருவருக்கும் டூதான், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு ஸீக்குத் திரும்பினால், உறவை முறித்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். நான் மரியாதை என்று நினைத்துச் சொன்னது அவருக்குக் கதவைச் சாத்தியதுபோல் இருந்திருக்கிறது.

நம்மூரில் பெரியவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்க என்போம். அதில் யாருக்கும் குறையில்லை. ஜெர்மனில் வயதுவந்த இருவருக்குள் அந்த ஏற்ற இறக்கம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சொல்தான்.

மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் டூ வாயில் வரவில்லை. எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி, நீ என்று எப்படிக் கூப்பிடுவது? தமிழில் இப்படி மாட்டிக்கொண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத் தப்பிக்கலாம், நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். ஜெர்மன் வினைச்சொல் விடாது. 'வருகிறாயா' என்றால் 'கொம்ஸ்ட் டூ', 'வருகிறீர்களா' என்றால் 'கொம்மன் ஸீ', வினையின் வாலே காட்டிக் கொடுத்துவிடும். "இன்னும் கொஞ்சம் காபி?" என்று வினையே இல்லாத அரை வாக்கியங்களில் இரண்டு வாரம் ஓட்டினேன்.

இப்போது பழகிவிட்டது. நேற்றுகூடத் தடங்கலில்லாமல் டூ போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், எங்கள் வீட்டில் அம்மாவை நீ என்றும் அப்பாவை நீங்க என்றும் சொல்வோம் என்றேன். "அப்படியானால் அப்பாவோடு அவ்வளவு ஒட்டுதல் இல்லையா?" என்று பரிவோடு கேட்டார்.

பதில் சொல்ல ஜெர்மன் வரவில்லை. திருநெல்வேலி ஆனித் தேரோட்டம், ரத வீதி முழுக்கக் கூட்டம். நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தேர் தெரியலப்பா, இன்னும் மேல தூக்குங்க, தூக்குங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.