கழிக்கக் கழிக்கக் கூடும் கணக்கு

எங்கள் தெருவில் நேற்று ராத்திரியிலிருந்து நான் கந்துவட்டிக்காரி. காலையில் பால் ஊற்ற வந்தவர்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாக்கியைக் கேட்காமலே போனார்.

எங்கள் மளிகைக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் வாரக் கூலிக் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பேரேட்டை விரிப்பேன், எங்க வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே குடோனில் ஏதாவது வேலை வந்துவிடும். வாரம் பூராவும் கேட்டவருக்கெல்லாம் கல்லாவில் கைவிட்டு எடுத்துக் கொடுக்கிற மகராசன் அவர். கழிக்கிற பாவத்துக்கு மட்டும் நான். கொடுத்ததை உடனே நோட்டில் எழுதுங்கள் என்றால், ஊதுபத்தி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் கிறுக்கிக் கல்லாவுக்குள் போட்டுவைப்பார். நேற்று ஒரு துண்டில் ‘மு 300’ என்று இருந்தது. நம் கடையில் பெரிய முருகன் ஒருவர், சின்ன முருகன் ஒருவன். யார் தலையில் எழுதுவது? இரண்டு பேரும் சாமி படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்கள். குடோனில் இருந்தவரை இழுத்துவந்து கேட்டால், வெகுநேரம் மோட்டைப் பார்த்து யோசித்துவிட்டு, “அது முட்டைக்காரருக்குக் கொடுத்தது” என்கிறார்.

நல்லவேளை, பெரிய முருகன் கணக்கில் அந்த முந்நூறுக்கு இடமே இல்லை. நாள் கூலி 600. ஐந்தரை நாள் வந்திருக்கிறார், ஆக 3300. வாரத்துக்குள் கைச்செலவுக்கு வாங்கின பற்று 700, அரிசி பருப்பு எடுத்த வகையில் 640. தீபாவளிக்கு வாங்கின முன்பணத்தில் இன்னும் 4000 நிற்கிறது, அதற்கு வாரம் 500 பிடிக்கிறோம். எல்லாம் சேர்த்தால் கழிவு 1840. ஆனால் கழிவு பாதியைத் தாண்டக் கூடாது என்பது என் மாமனார் காலத்து வழக்கம். “வேலை செஞ்சவன் கையில பாதியாவது பாக்கணும், இல்லேன்னா திங்கக்கிழமை வர மாட்டான்” என்பார். சட்டமும் அதுதான் என்று பிறகு ஆடிட்டர் சொன்னார். 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே அப்படி இருந்ததாம். மாமனார் சட்டம் படித்தவர் இல்லை, திங்கட்கிழமை மூட்டை இறக்க ஆள் இல்லாமல் அவஸ்தைப்பட்டவர்.

3300இல் பாதி 1650. பற்றையும் சாமான் காசையும் முதலில் கழித்துவிடுவேன், ஏனென்றால் அவை அந்த வாரத்தோடு முடிகிற கணக்கு. மிச்ச இடத்தில்தான் பழைய கடன். 1340 போனதும் 310க்குத்தான் இடம் இருந்தது, அதை மட்டும் பிடித்தேன். மீதி 190 அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தலைகீழாகச் செய்து முதலில் கடனைப் பிடித்தால் என்ன ஆகும்? சாமான் பாக்கி நின்றுபோகும். அடுத்த வாரச் சாமான் அதன்மேல் ஏறும். நாலு வாரத்தில் அது தனிக் கடனாகிவிடும், அப்புறம் எது எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. மனுஷன் கடையை விட்டுப் போகவும் முடியாது, இருக்கவும் பிடிக்காது.

சின்ன முருகனுக்கு எண்ணெய் பாக்கெட் உடைத்ததற்காகப் பிடிக்கச் சொன்னார் எங்க வீட்டுக்காரர். அந்தப் பெட்டியை வாசல்படியில் வைத்தது யார் என்று கேட்டேன். மறுபடியும் குடோனுக்குப் போய்விட்டார்.

அப்புறம் செல்வி. பொட்டலம் போடுகிறவளுக்கு நாளைக்கு 400, ஆறு நாளுக்கு 2400. வாங்குவது 2100. முந்நூறை நான் பிடித்துவைக்கிறேன். அவள் கடனே வாங்கியதில்லை. “கையில குடுத்தா அந்த மனுஷன் மோப்பம் பிடிச்சிருவாரு அக்கா, உங்ககிட்டயே கிடக்கட்டும்” என்று அவளாகக் கேட்டு ஆரம்பித்த பிடித்தம் அது. ஜூன் மாதம் மகளை நர்சிங் சேர்க்க வேண்டும். வீட்டில் நாள் கூலி 350 என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்று அந்த மனுஷனே நேரில் வந்து நின்றார். கூடப் பொட்டலம் போடுகிற யாரோ உண்மைக் கூலியைச் சொல்லிவிட்டார்கள்.

“மதினி, ஆளுக்கு நானூறாமே. எங்க வீட்டுக்கு மட்டும் என்ன முன்னூத்தம்பது?”

செல்வி உளுந்தம்பருப்புச் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒரு ஆள் எவ்வளவு நேரம்தான் கண்ணாடி துடைக்க முடியும்?

“கூலி நானூறுதான் தம்பி. வாரம் முந்நூறு அட்வான்சுக்குக் கழியுது.”

“என்ன அட்வான்சு?”

எனக்கு எதிரே அலமாரியில் மிளகாய்த்தூள் இருந்தது. மிளகாய்த்தூளிலிருந்து புத்தி நேராக மிக்ஸிக்குப் போய்விட்டது. “மிக்ஸி” என்றேன்.

“எங்க வீட்டுல கவர்மெண்டு குடுத்த மிக்ஸில்லா இருக்கு? அதுவும் ஓடாது.”

“அதான் புதுசு. பணம் முழுசும் கட்டினாத்தான் கடைக்காரன் குடுப்பான்.”

அத்தோடு போயிருந்தால் நான் இன்றைக்கு நல்ல பெண்மணி. அவர் பேரேட்டை எட்டிப் பார்த்தார். செல்வி பக்கத்தில் வரிசையாக 6300, 6600, 6900 என்று இருந்தது, அவள் என்னிடம் போட்டுவைத்திருக்கிற இருப்பு. தலைப்பில் எதுவும் எழுதவில்லை. யார் பார்த்தாலும் தெரியக் கூடாது என்று நானும் அவளும் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது.

மனுஷன் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி கீழிருந்து மேலே போனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவர் என்று செல்வி சொன்னதை நம்பி மோசம் போனேன்.

“மதினி, வாரா வாரம் முன்னூறு கழிக்கீங்க. கழிச்சா பாக்கி குறையணும்லா? இது எப்படிக் கூடிக்கிட்டே போவுது?”

பெரிய முருகன் சம்பளத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார். குடோனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த எங்க வீட்டுக்காரர் அப்படியே நின்றார். உளுந்துச் சாக்குக்குப் பின்னாலிருந்து இருமல் சத்தம்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் இருக்கிறது.

“வட்டி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாற்பது ரூபாய் பருப்பில் பத்து கிராம் கூடுதலாக நிறுத்துக் கொடுத்துக் கொடுத்து நான் சம்பாதித்த பேரெல்லாம் அந்த ஒரு பார்வையில் போனது. “அண்ணாச்சி, நீங்க எவ்வளவு நல்லவரு” என்று எங்க வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொல்லிவிட்டு 2100ஐ வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சியும் அதை மறுக்கவில்லை. தலையை ஆட்டினார்.

ராத்திரியே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை, “ஏட்டி, ஒரு மிக்ஸிக்கு ஏழாயிரமா பிடுங்குவ?” என்று திண்ணையிலிருந்தே கேட்டார்கள். உண்மையைச் சொல்லவா முடியும்? சொன்னால் ஜூன் மாதத்துக்கு அந்தப் பணம் இருக்காது.

இன்றைக்குக் காலையில் செல்வி கடை திறக்கும் முன்னாலேயே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, அந்த மனுஷன் ராத்திரி பூரா உங்களைத்தான் திட்டினாரு. என்னை ஒரு வார்த்தை சொல்லல” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “அடுத்த வாரத்துல இருந்து நானூறாப் பிடிச்சிருங்க. வட்டி ஏறிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்.”