சரியான விடை தந்த தவறான கணக்கு

நீண்ட காலக் குத்தகை ஒப்பந்தங்களுக்கு நாள் கணக்கு போடும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். தொடங்கும் ஆண்டு, முடியும் ஆண்டு இரண்டையும் சேர்த்து, நடுவில் எத்தனை லீப் ஆண்டுகள் வருகின்றன என்பது அதில் அடிக்கடி தேவைப்படும். அதற்கு எங்கள் குழுவில் ஒருவர் எழுதியிருந்தது ஒரே வரி: `(b - a) // 4`. இது தப்பு என்று பார்த்ததுமே தெரியும். ஆனால் சோதனைகள் எல்லாமே தேறியிருந்தன. விடைகளைக் கையால் எண்ணிப் பார்த்தேன், அவையும் சரி. அதுதான் என்னை உட்கார வைத்தது.

சோதனையில் இருந்தவை 99 ஆண்டுக் குத்தகைகள். 2004 முதல் 2103 வரை ஒன்று. வித்தியாசம் 99, நான்கால் வகுத்தால் ஈவு 24. உண்மையில் 2004 முதல் 2100 வரை நான்கின் மடங்குகள் 25 இருக்கின்றன. இந்த வரி அதில் ஒன்றை விட்டுவிடுகிறது. அதே நேரம் 2100 லீப் ஆண்டு கிடையாது என்பதும் அதற்குத் தெரியாது. ஒன்று குறைகிறது, ஒன்று கூடுகிறது, விடை 24 என்று சரியாக வந்து நிற்கிறது.

இது அந்த ஒரு குத்தகையின் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. இரு முனைகளையும் சேர்த்தால் அடுத்தடுத்த 100 ஆண்டுகள். அதில் நான்கின் மடங்குகள் எப்போதும் 25, நூற்றாண்டு ஆண்டு எப்போதும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று 2100 ஆக இருக்கும்வரை தப்பு வெளியே தெரியாது. சோதனைகள் எல்லாம் 2001க்குப் பிறகு தொடங்கியவை. 1951 முதல் 2050 வரை கொடுத்துப் பார்த்தேன். அதே 24 வந்தது, வர வேண்டியது 25. நடுவில் இருப்பது 2000. அது லீப் ஆண்டு.

1900 இல்லை, 2000 உண்டு, 2100 இல்லை என்பது ஏன்? பருவங்கள் ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி ஆகிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்த்தால் ஆண்டுக்கு முழுசாக 6 மணி நேரம் கொடுத்ததாகிறது, அதாவது சுமார் 11 நிமிடம் அதிகம். அது 128 ஆண்டில் ஒரு நாளாகிவிடும். ஜூலியன் நாட்காட்டி இப்படித்தான் நழுவியது. 1582இல் போப் பதிமூன்றாம் கிரிகோரி அதைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று வைத்து, பத்து நாளைத் தாண்ட வேண்டியிருந்தது.

இனிமேல் நழுவாமல் இருக்க 400 ஆண்டுக்குச் சுமார் மூன்று நாளைக் கழிக்க வேண்டும். எந்த மூன்று என்பதில் வானியல் எதுவும் இல்லை. 400 ஆண்டில் நூற்றாண்டு ஆண்டுகள் நான்கு வருகின்றன. மூன்றை விட்டு, 400ஆல் வகுபடுவதை மட்டும் வைத்துக்கொண்டால் நினைவில் வைப்பது சுலபம், அவ்வளவுதான். ஆக 400 ஆண்டுக்கு 100 அல்ல, 97 லீப் ஆண்டுகள்.

எண்ணும் முறையும் இதிலிருந்தே வருகிறது. 1ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஆண்டு வரைக்கும் நான்கின் மடங்குகளை எண்ணி, நூறின் மடங்குகளைக் கழித்து, நானூறின் மடங்குகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்புறம் முடியும் ஆண்டின் எண்ணிக்கையிலிருந்து, தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். பலரும் கோட்டைவிடுவது இந்த 'முந்தைய'வில்தான். தொடங்கும் ஆண்டையே கழித்தால், அது லீப் ஆண்டாக இருக்கும்போது ஒன்று குறையும்.

```python
def leaps(y):
    return y//4 - y//100 + y//400

def between(a, b):
    return leaps(b) - leaps(a - 1)
```

1951–2050க்கு: 2050 வரை 512 − 20 + 5 = 497. 1950 வரை 487 − 19 + 4 = 472. வித்தியாசம் 25.

இதைச் சரிபார்க்க எக்செல்லைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் வழக்கமான தேதி முறையில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருக்கிறது! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் இருந்த பிழை, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டது. 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகளுக்கு அதை நம்பக்கூடாது.

எங்கள் வேலையில் இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. லீப் ஆண்டுகளை எண்ணுவது வேறு, பிப்ரவரி 29களை எண்ணுவது வேறு. 2004 மார்ச் 15இல் தொடங்கும் குத்தகைக்கு 2004இன் கூடுதல் நாள் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் மார்ச் அல்லது அதற்குப் பின் தொடங்கினால் அடுத்த ஆண்டிலிருந்தும், பிப்ரவரி 29க்கு முன் முடிந்தால் முந்தைய ஆண்டு வரைக்கும் எண்ணும்படி மாற்றினோம். சோதனைப் பட்டியலில் 1900, 2000, 2100 மூன்றையும் ஒரு முறை தொடக்கமாகவும், ஒரு முறை முடிவாகவும் சேர்த்தோம்.