ஆடிக் காற்றில் உடைந்த முகப்புக் கண்ணாடியும் விழுந்த பெயர்ப்பலகையும்: கடை பாலிசி எதற்குப் பணம் கொடுத்தது

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் பை, செருப்பு விற்கும் எங்கள் கடையின் பெயர்ப்பலகை கடந்த ஆடி மாதக் காற்றில் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் கீழே இருந்த முகப்புக் கண்ணாடி ஒன்றையும் உடைத்து, வாசலில் நிறுத்தியிருந்த ஒருவரின் பைக் மீதும் விழுந்தது. கடைக்கு ஷாப் பேக்கேஜ் பாலிசி இருந்ததால் கிளைம் செய்து பணம் வாங்கினோம். ஆனால் ஒரே காற்றில், ஒரே நிமிடத்தில் நடந்த அந்தச் சேதத்தை பாலிசி தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துத்தான் பார்த்தது. எது எந்தப் பிரிவில் விழுந்தது, எது எதிலும் விழாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேக்கேஜ் என்ற பெயரைக் கேட்டவுடன் கடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் காப்பீடு உண்டு என்று தோன்றும். உண்மையில் அது பல சிறு பாலிசிகளை ஒரே உறையில் போட்டுத் தருவதுதான். தீ விபத்தும் அதோடு சேர்ந்த இயற்கைச் சீற்றங்களும் ஒரு பிரிவு. களவு ஒரு பிரிவு. கல்லாப் பணம் ஒரு பிரிவு. பொருத்தப்பட்ட கண்ணாடிக்கு ‘ப்ளேட் கிளாஸ்’ என்று ஒரு பிரிவும், பெயர்ப்பலகைக்கு ‘நியான் சைன், குளோ சைன்’ என்று வேறொரு பிரிவும் இருக்கின்றன. இந்த இரண்டும் பெரும்பாலும் நாம் கேட்டால் மட்டுமே சேர்க்கப்படுபவை. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு தொகை என்று பாலிசியோடு தரும் பட்டியலான செட்யூலில் அந்தப் பிரிவுக்கு எதிரே காப்பீட்டுத் தொகை எழுதப்படாமல் வெற்றாக இருந்தால், பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பிரிவைப் பற்றி எத்தனை பக்கம் அச்சிட்டிருந்தாலும் நமக்கு அது இல்லை என்றே பொருள். எங்கள் செட்யூலில் இரண்டு பிரிவுகளும் இருந்தன; வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புப் பிரிவும் இருந்தது.

சிக்கல் தொடங்கியது கிளைம் கொடுத்த விதத்தில்தான். ஏஜெண்ட் முதலில் எல்லாவற்றையும் சேர்த்துத் தீப் பிரிவில் ‘புயல் சேதம்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். சில நாட்களில் நிறுவனத்திலிருந்து, அன்று இந்தப் பகுதியில் புயல் வீசியதற்கான வானிலைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் சங்கடம் புரியும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று இங்கே மரக்கிளைகளை முறிக்கும், தகரக் கூரையைத் தூக்கும். ஆனாலும் அதற்குப் பெயர் புயல் இல்லை. வானிலைத் துறைக் கணக்கில் புயல் என்பது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நீடித்து வீசும் காற்றையுடைய, கடலில் உருவாகும் ஒரு சுழற்சி. பாலிசியில் ‘புயல்’ என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லாவிட்டாலும் சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர்கள் பலர் இந்த அளவைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தபோது, வெள்ளம் வந்ததா என்று எந்தக் கடைக்காரரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆடிக் காற்றுக்கு அப்படி ஊரறிந்த சாட்சி கிடையாது.

“அண்ணாச்சி, புயல்னு போட்டதை எடுத்திருவோம். கண்ணாடிக்கும் போர்டுக்கும் புயல்னு நிரூபிக்கத் தேவையே இல்ல” என்று சொன்னவர், அதே நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் உறவினர் ஒருவர். அவர் சொன்னது முழுக்கச் சரி. தீப் பிரிவு என்பது பெயர் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் பொறுப்பேற்கும் பிரிவு. தீ, மின்னல், புயல், வெள்ளம், கலவரம் என்று அங்கே எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றை நாம் காட்டியாக வேண்டும். ப்ளேட் கிளாஸ் பிரிவு அப்படிப்பட்டதல்ல. எங்கள் பாலிசியில் அதன் வாசகம், பொருத்தப்பட்ட கண்ணாடி தற்செயலாக உடைந்தால் பொறுப்பு உண்டு என்பதுதான். எதனால் உடைந்தது என்பது, விலக்குப் பட்டியலில் இருக்கும் காரணமாக இல்லாத வரை, பொருட்டில்லை. நியான் சைன் பிரிவும் வெளியிலிருந்து தற்செயலாக நேரும் சேதத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கிளைம் படிவத்தைத் திருத்தி, கண்ணாடியை ஒன்றிலும் பலகையை மற்றொன்றிலும் பைக்கைப் பொறுப்புப் பிரிவிலும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம். காவல் நிலையத்தில் கொடுத்த தகவலுக்கான சிஎஸ்ஆர் ரசீதையும் இணைத்தோம். யாராவது கல்லெறிந்து உடைத்திருந்தால் எஃப்ஐஆர் கேட்டிருப்பார்கள். காற்றுச் சேதத்துக்கு ரசீது போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு நஷ்டத்தை எங்களால் தவிர்க்க முடியவில்லை. உடைந்த கண்ணாடி வழியே சாரல் அடித்து, காட்சிக்கு வைத்திருந்த தோல் பைகள் சில நனைந்து கெட்டன. கண்ணாடிப் பிரிவு கண்ணாடிக்கு மட்டுமே. அதற்குப் பின்னால் இருக்கும் சரக்கு தீப் பிரிவைச் சேர்ந்தது. அங்கே புயல் என்று காட்ட முடியாததால் பைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சர்வேயர் வருவதற்கு முன் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிவிடாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தது நல்லதாயிற்று. உடைந்தது 12 எம்.எம். டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி நீளமான கூர்முனைகளாக உடையும். டஃபன்டு கண்ணாடி கற்கண்டு போலச் சிறு சிறு கட்டிகளாகச் சிதறும். அந்தக் கட்டிகளையும் அவற்றின் தடிமனையும் பார்த்த பிறகுதான் டஃபன்டு கண்ணாடிக்கான விலையை அவர் ஏற்றுக்கொண்டார். கண்ணாடி முன்பே விரிசல் விட்டிருந்ததா, அன்று கடையில் ஏதாவது மாற்று வேலை நடந்துகொண்டிருந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டார். இரண்டும் விலக்குகள் என்பதால் எதிர்க்கடையின் கேமராப் பதிவைக் காட்டினோம். பலகை சாய்வதும் அதன் மூலை கண்ணாடியில் இடிப்பதும் அதில் தெளிவாக இருந்தது.

கண்ணாடிக் கணக்கு எளிது. எட்டடிக்கு ஆறடி, அதாவது 48 சதுர அடி. சதுர அடி 230 ரூபாய் வீதம் 11,040 ரூபாய். பொருத்துக் கூலி 1,500. புதுக் கண்ணாடி வரும் வரை பலகை அடித்து மறைத்த செலவு 1,200. இதைத் தரும் வாசகம் எங்கள் பாலிசியில் இருந்தது, எல்லாவற்றிலும் இருக்காது. அலுமினியச் சட்டத்தையும் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த எழுத்து ஸ்டிக்கரையும் சர்வேயர் நீக்கிவிட்டார். சட்டமும் எழுத்தும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும். நாங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் பில்லில் இருந்த வரியையும் கழித்தார், அது நியாயமானதே. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கவில்லை. மொத்தம் 13,740 ரூபாயில், ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகையான எக்ஸஸ் 1,000 போக 12,740 ரூபாய் அங்கீகரிக்கப்பட்டது.

பெயர்ப்பலகையில்தான் வாதாட வேண்டியிருந்தது. எங்களுடையது கண்ணாடிக் குழாயில் வாயு நிரப்பிய பழைய நியான் அல்ல. இரும்புச் சட்டத்தில் ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகடு அடித்து, அக்ரிலிக் எழுத்துகளுக்குள் எல்இடி வைத்தது. பதினான்கடிக்கு நாலடி. சட்டமும் தகடும் 22,400 ரூபாய்; எழுத்துகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் இரண்டு எஸ்எம்பிஎஸ் பெட்டிகளும் 14,000 ரூபாய். இந்தப் பிரிவில் முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: ஷார்ட் சர்க்யூட், மின் பழுது, இயந்திரப் பழுது ஆகியவற்றால் விளக்கோ குழாயோ எரிந்து போனால் பொறுப்பில்லை. முதல் அறிக்கையில் சர்வேயர், எழுத்துகள் எரியவில்லை என்பதையே காரணமாக்கி, அந்த 14,000 ரூபாய் முழுவதையும் மின் பழுது என்று வெட்டிவிட்டார்.

நாங்கள் எழுத்துபூர்வமாக மறுத்தோம். விலக்கு சொல்வது தானாக ஏற்பட்ட மின் பழுதைப் பற்றி. இங்கே முதலில் நடந்தது காற்று, அடுத்து விழுந்தது, அதன் பிறகுதான் எழுத்துகள் நொறுங்கியதும் கம்பிகள் அறுந்ததும். சேதத்துக்கு நேரடியாக வழிவகுத்த முதன்மைக் காரணம் எதுவோ அதை வைத்துத்தான் கிளைமைப் பார்க்க வேண்டும் என்பது காப்பீட்டில் நெடுங்காலமாக இருக்கும் விதி. முந்தைய இரவு எல்லா எழுத்துகளும் எரிந்துகொண்டிருந்தன என்பதற்கும் அதே கேமராப் பதிவு உதவியது. பலகை செய்த ஆசாரி, ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். ஒரு எஸ்எம்பிஎஸ் பெட்டி நசுங்கி, இணைப்பு முனைகள் உடைந்திருந்தன. மற்றொன்றில் வெளிக்காயமே இல்லை. உள்ளே மட்டும் கருகியிருந்தது. அந்த இரண்டாவதை விழுந்ததால் கெட்டது என்று எழுத அவர் சம்மதிக்கவில்லை. “சார், அது விழுந்ததுல போனது இல்ல, என் கையெழுத்துல அப்படி எழுத மாட்டேன்” என்றார். அவருடைய அந்த நேர்மைதான் மற்ற பாகங்களைப் பற்றி அவர் எழுதியதை சர்வேயர் நம்பக் காரணமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

திருத்திய அறிக்கையில் அந்த ஒரு பெட்டியின் 1,800 ரூபாய் தவிர மீதி 12,200 ஏற்கப்பட்டது. 34,600 ரூபாயில் பலகைக்கு மூன்று வயது என்று முப்பது சதவீதம் தேய்மானம் போக 24,220. பழைய இரும்புக்கு 1,500 கழித்து 22,720. எக்ஸஸ் 1,000 போக 21,720 ரூபாய். இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது 34,460 ரூபாய். பைக்கின் பழுதுச் செலவு பொறுப்புப் பிரிவில் தனியாகத் தீர்ந்தது. நிறுவனம் மறுத்தே இருந்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகும் எண்ணத்தில் இருந்தோம். தனிநபர் உரிமையில் நடக்கும் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது கூடுதல் பிரீமியம் கட்டி, கண்ணாடிப் பிரிவில் சட்டத்தையும் எழுத்து ஸ்டிக்கரையும் பெயர் சொல்லிச் சேர்த்தோம். பலகையை வெறுமனே ‘நியான் போர்டு’ என்று விடாமல், எல்இடி எழுத்துகளுடன் கூடிய ஏசிபி பலகை என்று அளவோடு செட்யூலில் எழுதச் செய்தோம். புதுப் பலகையின் பில்லும், அது இரவில் எரியும் படமும், சுவரில் அடித்த ஆங்கர் போல்ட்டுகளின் படமும் பாலிசியோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.